பழ லஸ்ஸிக்கு எந்தத் தயிர்? ஹல்வாயி கடைத் தயிரும் கப் தயிரும் வீட்டுத் தயிரும்

டெல்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு லஸ்ஸிக்கான தயிர் மூன்று வழியில் கிடைக்கிறது. தெருமுனை ஹல்வாயி மண்சட்டியில் உறைய வைத்து வெட்டி நிறுத்துத் தருவது ஒன்று. பால் பூத்தில் வாங்கும் கப் அல்லது பாக்கெட் தயிர் இன்னொன்று. மூன்றாவது, ஃபுல் கிரீம் பால் வாங்கி வீட்டிலேயே உறை ஊற்றுவது. பழம் சேர்த்த கெட்டி லஸ்ஸி என்றால் எங்கள் ஓட்டு மூன்றாவதற்கே. கெட்டியைப் பொறுத்தவரை நல்ல ஹல்வாயி தயிரை வீட்டுத் தயிர் சுலபமாக வென்றுவிடாது. வித்தியாசம் புளிப்பில்தான். தயிர் எந்த நேரத்தில் உறைந்து முடிந்தது, எப்போது குளிருக்குப் போனது என்பது வீட்டுத் தயிரில் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

வெறும் சர்க்கரை லஸ்ஸியில் லேசான புளிப்பு ருசியாகவே இருக்கும். பழம் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். மாம்பழத்துக்கும் ஸ்ட்ராபெரிக்கும் சொந்தப் புளிப்பு உண்டு. அதோடு தயிர்ப் புளிப்பும் சேர்ந்தால் நன்றாகப் பழுத்த மாம்பழம்கூட செங்காய் போல ருசிக்கும். அதைச் சரிசெய்ய சர்க்கரையைக் கூட்டினால் இனிப்பு ஏறுமே தவிர புளிப்பு எங்கேயும் போகாது. இன்னொரு கெடுதலும் உண்டு. புளிக்கப் புளிக்கத் தயிர் இறுகி, தனக்குள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே விடுகிறது. அப்படிப்பட்ட தயிரை மிக்ஸியில் அடித்தால், பத்து நிமிடத்தில் தம்ளரில் மேலே நுரை, கீழே தண்ணீர் என்று பிரிந்து நிற்கும்.

ஹல்வாயி தயிர் பெரும்பாலும் எருமைப் பாலில், நன்றாகச் சுண்டக் காய்ச்சி, அகன்ற சட்டியில் உறைய வைப்பது. மேலே ஆடை, கீழே கத்தியால் வெட்டும் பதம். காலையில் சட்டி திறந்ததும் வாங்கினால் அருமையான லஸ்ஸித் தயிர். மே மாத மதியத்தில் கடை வாசலில் மூன்று நான்கு மணி நேரம் இருந்துவிட்டால் அதே சட்டித் தயிர் வேறு ஆளாகிவிடும். வாங்கும்போது வெட்டிய பள்ளத்தைப் பாருங்கள். சுவர் செங்குத்தாக நின்று, பள்ளம் காய்ந்திருந்தால் வாங்கலாம். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், அது காலையிலேயே வெட்டியதாகவோ, புளிப்பு ஏறியதாகவோ இருக்கும். ‘மீட்டா தஹி’ என்று கேட்டால் சில கடைகளில் சர்க்கரை போட்டு உறைய வைத்ததைத் தந்துவிடுவார்கள். ‘கட்டா தோ நஹி ஹை?’ என்று கேட்டு, ஒரு ஸ்பூன் வாங்கி வாயில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

கப் தயிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளிப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், எப்போதும் கிடைக்கும். கப்பிலேயே உறைவதால் கட்டி உடையாமல் வரும். பாக்கெட் தயிர் வண்டியில் குலுங்கி உடைந்துதான் வீடு சேரும், லஸ்ஸிக்கு அது இரண்டாம் பட்சம். இவற்றில் பெரும்பாலானவை கொழுப்பு குறைந்த டோன்டு பாலில் செய்தவை. எடுக்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்துப் புதியதை எடுங்கள், ஃப்ரிட்ஜில் இருந்தாலும் தயிர் மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரையும் கிரீக் யோகர்ட்டையும் தனியாக லஸ்ஸிக்குப் பயன்படுத்துவதில் எங்களுக்கு விருப்பமில்லை. நாக்கில் மாவு போல ஒட்டும், ஸ்ரீகண்டுக்குச் சரி. நீர்த்துப்போன லஸ்ஸியைத் தேற்ற இரண்டு ஸ்பூன் கலந்துகொள்ள மட்டும் வைத்திருக்கலாம்.

இனி வீட்டுத் தயிர். ஃபுல் கிரீம் பாலில் குறைந்தது 6 சதவீதம் கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்ற திடப்பொருள் 9 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு லிட்டரை அகன்ற அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சி, பொங்கியபின் தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறியபடி 850 மில்லி அளவுக்குச் சுண்ட விடுங்கள். கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும். தண்ணீர் வற்றுவது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், நீண்ட சூட்டில் பாலின் மோர்ப்புரதங்கள் குலைந்து கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. அப்படி ஒட்டிய தயிர் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ‘பாக்கெட் பால்தானே, ஏற்கெனவே காய்ச்சினதுதானே’ என்று வெதுவெதுப்பாக்கி மட்டும் உறை ஊற்றினால் தயிர் தளதளவென்றுதான் வரும். பாஸ்ச்சரைஸ் செய்யும் சில நொடிச் சூடு இந்த வேலைக்குப் போதாது.

அடுத்தது உறை. தயிர்சாதத்துக்கென்று வீட்டில் வழிவழியாக வரும் புளித்த உறைமோரை இதற்குத் தொடாதீர்கள். முந்தின நாள் தயிரில், புளிப்பில்லாததாக ஒரு ஸ்பூன். அது இல்லாவிட்டால் புது கப் தயிர். மே மாதத்தில் இந்த 850 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் போதும். பால் விரலுக்கு லேசாகத்தான் சுட வேண்டும், 36 முதல் 38 டிகிரி. சூடு அதிகமாக இருக்கும்போது ஊற்றினால் சீக்கிரம் உறையும், கூடவே சீக்கிரம் புளிக்கும். கட்டியும் மணல்மணலாக வரும். உறையை ‘இருக்கட்டுமே’ என்று இன்னொரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டாலும் இதே கதைதான்.

எல்லாம் தீர்மானமாவது இதற்குப் பிறகுதான். டெல்லி மே மாதச் சமையலறையில் மூன்றாவது மணி நேரத்திலிருந்தே பார்க்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் தயிர் ஒரே கட்டியாக நகர்ந்து, ஓரத்தில் தண்ணீர் தெரியாமல் இருந்தால் அதுதான் தருணம். அப்போதே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். ஓரத்தில் நீர்க்கோடு தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். இரவு படுக்கும்போது உறை ஊற்றி விடியற்காலை எடுக்கும் வழக்கம் ஜனவரிக்குச் சரி, மே மாதத்தில் அது மோர்க்குழம்புத் தயிரைத்தான் தரும். ஃப்ரிட்ஜில் வைத்ததுமே புளிப்பு நின்றுவிடாது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும், அதுவரை உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால் உறை ஊற்றும்போதே இரண்டு சின்னப் பாத்திரங்களில் பிரித்துவிடுங்கள். உள்ளே போனபின் ஐந்தாறு மணி நேரம் அசைக்கக் கூடாது. குளிரில்தான் கட்டி இறுகும்.

ஜனவரியில் நிலைமை தலைகீழ். உறை ஒரு டேபிள்ஸ்பூன், பால் 42 டிகிரி, பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைத்தாலும் எட்டிலிருந்து பத்து மணி நேரம். உறையவில்லையே என்று மேலும் தயிரைக் கலந்து கிளறினால் பாதி உறைந்ததும் கெட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி வைத்தால் போதும். குளிரில் மெதுவாக உறைந்த தயிர் சில சமயம் நூல் போல இழுக்கும். கெட்ட வாடையோ கசப்போ இல்லாவிட்டால் லஸ்ஸிக்கு அதனால் கெடுதல் இல்லை. இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் அந்த இரண்டு மாதம் ஹல்வாயியிடமே போகலாம். குளிரில் அவர் சட்டி மாலைவரை புளிக்காது.

மண்சட்டியா எவர்சில்வரா என்ற வாதத்தில் ஒன்று மட்டும். சட்டி தண்ணீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுவதால்தான் தயிர் கெட்டிப்படுகிறது. ஏப்ரல், மே மாத வறண்ட காற்றில் அது நன்றாக நடக்கும், மழைக்கால ஈரத்தில் பெரிதாக நடக்காது. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைக்காமல் பாலை ஊற்றினால் தயிரில் மண்வாடை தூக்கலாக இருக்கும்.

இப்போது அளவு. இரண்டு பெரிய தம்ளருக்குத் தயிர் 400 கிராம், மாம்பழச் சதை 150 கிராம், பொடித்த சர்க்கரை 40 கிராம், குளிர்ந்த பால் 50 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, அரை ஏலக்காய்ப் பொடி. மே மாதத்தில் டெல்லியில் சஃபேதா என்று விற்கும் பங்கனபள்ளியே நல்லது, நார் கிடையாது. ஜூனில் வரும் தசேரி இன்னும் இனிப்பு. அதற்கு 30 கிராம் சர்க்கரை போதும். நார் இருக்கும் பழத்தை வடிகட்டியே ஆக வேண்டும். பழத்தை நறுக்கி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் ஐஸ் தேவைப்படாது. ஐஸ் போட்ட லஸ்ஸி முதல் வாய்க்குக் கெட்டி, கடைசி வாய்க்கு மோர்.

முதலில் பழம், சர்க்கரை, பால், உப்பு இவற்றை மட்டும் மிக்ஸியில் நைசாக அரையுங்கள். பிறகு தயிரைச் சேர்த்து, விப்பர் பட்டனை மூன்று முறை விட்டுவிட்டு அழுத்துங்கள், அவ்வளவுதான். முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டால், அத்தனை பாடுபட்டு உறைய வைத்த கட்டி உடைந்து நீர்த்துவிடும். ஃபுல் கிரீம் தயிராக இருந்தால் வெண்ணெயும் திரளத் தொடங்கும். சர்க்கரையைப் பொடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கல் சர்க்கரை கரையும்வரை ஓட்டினால் தயிர் தாங்காது. மத்து இருந்தால் அரைத்த பழத்தோடு தயிரைச் சேர்த்துக் கையாலேயே பத்துச் சுற்று கடையலாம், பதம் இன்னும் நன்றாக நிற்கும்.

மற்ற பழங்களில் சப்போட்டா இந்தத் தயிருக்கு நன்றாகச் சேரும். அதற்குப் புளிப்பே கிடையாது, தயிர் சற்றுப் புளித்திருந்தாலும் சமாளிக்கும். ஸ்ட்ராபெரியில் தண்ணீர் அதிகம். சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வதக்கி ஆறவைத்துப் போடுங்கள். சமைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றும் வேண்டாம். அவற்றில் உள்ள என்சைம்கள் பால் புரதத்தை உடைப்பதால், அடித்த சில நிமிடங்களிலேயே லஸ்ஸி நீர்த்துக் கசக்கத் தொடங்கும். அன்னாசி கட்டாயம் வேண்டும் என்றால் சர்க்கரையில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சூட்டில் என்சைம் செத்துவிடும். அடித்த லஸ்ஸியை அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மீந்த தயிர் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் லஸ்ஸிக்குத் தாங்கும், மூன்றாம் நாள் அதைத் தாளித்துவிட்டு அடுத்த லிட்டர் பாலைக் காய்ச்சுங்கள்.