360 மி.மீ. என்று போட்டிருந்த கேபினெட்டில் 336 மி.மீ. கார்டு

நண்பன் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறான். "நீ வைத்திருக்கிற கேபினெட்டையே நானும் வாங்கிடலாமா?" என்று கேட்டான். நாலு வருடமாக இதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது சாதாரண மிட் டவர், ஏடிஎக்ஸ் மதர்போர்டு போகும். வாங்கும்போது என்னிடம் இருந்தது 240 மி.மீ. கார்டு. "கிராஃபிக்ஸ் கார்டு 360 மி.மீ. வரை" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்து, அப்புறம் எந்தக் கார்டு வாங்கினாலும் கவலையில்லை என்று நினைத்துவிட்டேன். மூன்று வருடம் கவலை இல்லாமல்தான் போனது.

போன வருடம் வாங்கிய கார்டின் நீளம் 336 மி.மீ. கணக்குப்படி 24 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், ஆனால் கார்டு உள்ளேயே இறங்கவில்லை. பின்பக்கத் தகட்டை அதன் இடத்தில் உட்காரவைத்தால் முனை முன்பக்க ஃபேன் சட்டத்தில் இடித்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த 360 என்பது முன்பக்கத்தில் எதுவுமே மாட்டாமல் வெறும் இரும்புத் தகடுவரை அளந்த அளவு. சாதாரண ஃபேனின் தடிமன் 25 மி.மீ., அதைக் கழித்தால் 335. ஒரே ஒரு மில்லிமீட்டர் பற்றாக்குறை! ஃபேன் இல்லாமல் யார் கேபினெட்டை ஓட்டுவார்கள்? போட்டிருந்தது பொய் இல்லை, ஆனால் வாங்குகிறவனுக்கு உதவாத உண்மை.

கார்டுக்கு நேரே இருக்கும் நடு ஃபேனைக் கழற்றிவிட்டு 15 மி.மீ. தடிமன் உள்ள மெலிந்த ஃபேன் ஒன்றைப் போட்டேன். 9 மி.மீ. இடைவெளி கிடைத்தது, கார்டு உட்கார்ந்தது. ஆனால் மெலிந்த ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, லோடு ஏறும்போது மெல்லிய கீச்சுச் சத்தம் வருகிறது. அமைதியாக இருக்கும் என்றுதான் இந்தக் கேபினெட்டையே வாங்கினேன். ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சத்தம் காதில் விழும்போது எரிச்சல்தான்.

நீளத்தோடு முடியவில்லை. பவர் கேபிள் கார்டின் பக்கவாட்டில், கேபினெட்டின் கண்ணாடிக் கதவைப் பார்த்துச் செருகப்படுகிறது. புது 16 பின் பிளக்கைச் செருகிய இடத்திலேயே மடக்கக் கூடாது, முதல் 35 மி.மீ. நேராக வர வேண்டும் என்பார்கள். என்னுடையதில் கண்ணாடிவரை 38 மி.மீ. இருந்தது, தப்பித்தேன். இந்த அளவை எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை.

டிரைவ் வைக்கும் இடத்தை மட்டும் மனசாரப் பாராட்டுவேன். கீழே பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இரண்டு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் போகும், தட்டில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். பழைய கேபினெட்டில் மேசை வரைக்கும் வந்த உறுமல் இதில் அறவே இல்லை. ஆனால் முன்பக்கத்தில் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் மாட்ட வேண்டுமென்றால் அந்த ஹார்ட் டிஸ்க் கூட்டையே கழற்ற வேண்டும். நீளமான கார்டு, ஹார்ட் டிஸ்க் கூடு, ரேடியேட்டர் மூன்றும் அடித்துக்கொள்வது அதே முன்பக்க இடத்துக்குத்தான். பெட்டியிலோ ஒவ்வொன்றையும் தனித்தனியாக "போகும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

முன்பக்க டைப்-சி போர்ட்டும் அப்படித்தான். அதன் கேபிளுக்கு மதர்போர்டில் தனி இணைப்பு வேண்டும், என் பழைய போர்டில் அது இல்லை. போர்டை மாற்றும்வரை அந்த ஓட்டை வெறும் அலங்காரமாக இருந்தது. மற்ற போர்ட்டுகள் நாலு வருடமாகத் தளராமல் இருக்கின்றன, சரி.

இப்போது நண்பனின் கணக்கைப் பார்ப்போம். அவன் கார்டு 304 மி.மீ. முன்பக்கத்தில் 27 மி.மீ. ரேடியேட்டர், அதன் மேல் 25 மி.மீ. ஃபேன், கார்டைக் கையால் இறக்க ஒரு 10 மி.மீ. எல்லாம் சேர்த்தால் 366. இதில் போகாது. ரேடியேட்டரை மேலே மாட்டினால் 339, தாராளமாகப் போகும், ஆனால் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே ரேடியேட்டரும் ஃபேனுமாக 52 மி.மீ. இறங்க வேண்டும், உயரமான ரேம் இருந்தால் அங்கேயும் இடிக்கும். அவனுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வேறு வேண்டும்.

தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது சுலபம், தகடு கனமாக இருக்கிறது, திருகு மரை ஒன்றுகூடத் தேயவில்லை, ஹார்ட் டிஸ்க் சத்தமே இல்லை. இவ்வளவு இருந்தும் அவனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஃபேன் மாட்டிய பிறகு எவ்வளவு நீளம் மிஞ்சும் என்று தெளிவாகப் போட்டிருக்கிற கேபினெட்டாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.