தீபாவளிக்குப் பெரிய காபிக் கடையோடு கூட்டு லேபிள் போடுகிறவர்கள் கவனத்துக்கு

பட்டர்வொர்த்தில் எங்கள் குடும்பம் முறுக்கு, ஓமப்பொடி செய்து விற்கிறது. போன தீபாவளிக்கு முன்பு பல கிளைகள் உள்ள ஒரு காபிக் கடைக்காரர்கள் வந்தார்கள். ஒரே பொட்டலத்தில் இரண்டு பேருடைய லோகோவும் இருக்கும், எல்லாக் கிளையிலும் விற்கலாம் என்றார்கள். ஹலால் சான்றிதழ் கேட்டார்கள், எங்களிடம் இருந்தது. அதனால் பேச்சு வேகமாக நகர்ந்தது.

அந்த வேகம்தான் கண்ணி. தீபாவளிக்குள் வர வேண்டும், இப்போதே பை அடித்துவிடுங்கள் என்று மேனேஜர் தினமும் அழைத்தார். "மிச்சம் எல்லாம் எங்கள் பொறுப்பு அண்ணா" என்று போனில் சொன்னார். அச்சகத்தில் குறைந்தது 5,000 பை எடுக்க வேண்டும், ஒரு பை 60 சென். 3,000 வெள்ளியை நாங்கள்தான் கட்டினோம். பை அடித்து முடித்த பிறகு ஒப்பந்தம் வந்தது. விற்றதற்கு மட்டும் பணம், விற்காதது திரும்பும், பண்டிகை முடிந்ததும் அவர்கள் லோகோவை எங்கும் பயன்படுத்தக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மேனேஜரைக் கேட்டால், "அது கம்பெனி பாலிசி" என்றார்.

120 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு எங்களுக்கு 4.20 வெள்ளி. பை தவிர்த்துச் செய்கூலி, மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் 2.30. 4,000 கொடுத்தோம், 2,300 விற்றது. வந்தது 9,660 வெள்ளி. செலவு பையோடு 12,200. திரும்பிய 1,700-ஐ லிட்டில் இந்தியாவில் பாதி விலைக்குக்கூடத் தள்ள முடியாது, மேலே அவர்கள் லோகோ இருக்கிறதே!

ஏன் விற்கவில்லை என்று கிளைவாரியான கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காபி குடிக்க ஒற்றையாக வருகிறவர் 120 கிராம் முறுக்கைப் பிரிக்க மாட்டார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துப் பக்கத்துக் கிளையில் மட்டும் நன்றாக ஓடியிருந்தது, ஊருக்குப் போகிறவர்கள் கையோடு வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று: பையில் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று அவர்களே கேட்டு வைத்தார்கள். கேக் அலமாரி விளக்குச் சூட்டில் வெளிச்சம் பட்டுப்பட்டு, தேதி தீருவதற்கு முன்பே எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. புகார் வந்தது எங்களுக்குத்தான். தயாரிப்பாளர் என்று பையில் இருப்பது எங்கள் முகவரி.

இப்போது யாராவது கேட்டால் எங்கள் சொந்தப் பையிலேயே அவர்கள் லோகோவை ஸ்டிக்கராக ஒட்டித் தருகிறேன். மிஞ்சினால் உரித்துவிட்டு விற்கலாம். முதலில் மூன்று கிளைகளில் மட்டும். எத்தனை பொட்டலம், என்ன விலை, திருப்பாமல் வாங்குகிறோம் என்று எழுத்தில் ஆர்டர் வந்த பிறகுதான் அடுப்பு பற்றும். தனிப் பைதான் வேண்டுமென்றால் அச்சுக்கூலி அவர்களுடையது, மிச்சத்தை விற்று முடிக்க மூன்று மாத அனுமதியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.