ஆண்டு முதலா, நாள் முதலா: கோப்புப் பெயரில் தேதியை எழுதும் முறைகள்

மும்பை செம்பூரில் சொந்த வீட்டில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், ஹவுசிங் சொசைட்டியின் மெயின்டனன்ஸ் ரசீதுகளை ஒரே ஃபோல்டரில் சேர்த்து வருவதாகக் கொள்வோம். நாம் காகிதத்தில் எழுதிப் பழகியபடி நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்டால், பெயர் வரிசையில் நான்கு ரசீதுகள் இப்படி நிற்கும்:

```
03-04-2024.pdf
07-11-2023.pdf
15-02-2024.pdf
28-04-2023.pdf
```

மிகப் பழைய ரசீது கடைசியிலும் மிகப் புதியது முதலிலும் இருப்பதால் இதைத் தலைகீழ் வரிசை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடுவில் உள்ள இரண்டும் நேர் வரிசையில் நிற்கின்றன. கணினிக்கு இவை தேதிகள் அல்ல, வெறும் எழுத்துகள். இடமிருந்து வலமாக ஒப்பிட்டுக்கொண்டே போய், முதல் வேறுபாடு தென்படும் இடத்திலேயே அது முடிவெடுத்துவிடுகிறது. ஆகவே நாள் எண்ணே வரிசையைத் தீர்மானிக்கிறது. ஆண்டைப் பார்க்கும் தேவையே எழுவதில்லை.

அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதும் முறையே என் பார்வையில் அதிகம் ஏமாற்றுவது. ஒரே ஆண்டின் ரசீதுகள் மட்டும் இருக்கும்வரை அது பிழையின்றி அடுக்கும். அடுத்த ஜனவரி வந்ததும் புதிய ரசீது `01` என்று தொடங்குவதால், சென்ற ஆண்டின் பிப்ரவரிக்கும் முன்னால் போய் அமர்ந்துவிடும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், ஒரு நிதியாண்டின் கணக்கிலேயே இந்தக் குழப்பம் நேர்ந்துவிடுகிறது.

ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் பெரிய அலகு முதலில் வருகிறது. எனவே எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகின்றன. தேதி எழுதும் முறைக்காக 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமும் இந்த வரிசையையே வகுத்துள்ளது.

```
2023-04-28.pdf
2023-11-07.pdf
2024-02-15.pdf
2024-04-03.pdf
```

இங்கே ஒற்றை இலக்கங்களுக்கு முன்னால் சுழியம் இடுவது கட்டாயம். `2023-4-28`, `2023-11-7` என்று எழுதினால், 4ஐவிட 1 சிறியது என்பதால் நவம்பர் ரசீது ஏப்ரலுக்கு முன்னே வரும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இலக்கங்களை முழு எண்ணாகப் படிப்பதால் இந்தப் பிழை அங்கே வெளியே தெரியாது. லினக்ஸில் `ls` கட்டளை கொடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

பெயரை விட்டுவிட்டு, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வைத்து அடுக்கலாமே என்பாரும் உண்டு. ஆனால் பழைய ரசீதுகளையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்தால் அவை அனைத்துக்கும் அந்த ஒரே நாள்தான் பதிவாகும். பெயரில் எழுத வேண்டியது ஸ்கேன் செய்த தேதியை அல்ல, ரசீதில் அச்சிட்ட தேதியை.

ஆண்டு முதலான முறைக்கும் ஓர் எல்லை உண்டு. தேதி பெயரின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். `மின்கட்டணம்-2023-04-28` என்றும் `மெயின்டனன்ஸ்-2023-04-28` என்றும் எழுதினால் கோப்புகள் முதலில் சொல்லால் பிரிந்து, பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மட்டுமே தேதிப்படி நிற்கும்.