அம்மாவின் சிறுநீரைக் காட்டி 5,400 ரூபாய் வாங்கிப் போனார்கள்

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர்க் கல்யாண மண்டபத்தில் "இலவச உடல் பரிசோதனை முகாம்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வரும்போது காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து வரச் சொன்னார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டுமாம். இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் அன்று ஊரில் இல்லை. அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு போயிருக்கிறார். ஒரு பையன் விரல் நீளத்துக்கு ஒரு தாளை பாட்டிலில் முக்கி எடுத்தான். தாள் மஞ்சளாக மாறியது. டப்பாவில் இருந்த வண்ணப் பட்டையோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க ரத்தம் முழுக்க அமிலமாகிவிட்டது. மூட்டு வலி, சுகர், கேன்சர் எல்லாம் இதில்தான் ஆரம்பிக்கும். உடம்பைக் காரமாக்கணும்" என்றான். அவன் சொன்னது அமிலத்துக்கு எதிரான காரம், அம்மாவுக்குக் காரம் என்றால் மிளகாய்தான். "நான் குழம்புல காரம் கம்மியாத்தானப்பா போடுறேன்" என்றிருக்கிறார். அவர்கள் சிரிக்கக்கூட இல்லையாம்.

மீன், கருவாடு, முட்டை நிறுத்த வேண்டும். தினம் இரண்டு வேளை தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடி. டப்பா 1,800 ரூபாய், மூன்று டப்பா. நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. சூடை மீன் கரையில் மலிவாகக் கிடைக்கிற சமயம். எங்கள் வீட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு.

பத்தாம் நாள் அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள். இந்த முறை மதியச் சாப்பாடு முடிந்து, பொடியும் குடித்துவிட்டு, மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அதே தாள். நீலம். "பார்த்தீங்களாம்மா, ரத்தம் மாறிடுச்சு" என்றான். அம்மா சந்தோஷமாக இன்னும் இரண்டு டப்பா கேட்டு வைத்திருந்தார்.

நல்ல வேளை, அதற்குள் கால் வீங்கிவிட்டது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் மேலே வந்தது. அம்மா பல வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன். பிரஷர் 170க்கு 100. டாக்டர் சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டு, "வேறென்ன குடிக்கிறீங்க?" என்றார். நான் டப்பாவை எடுத்து வைத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் முதல் பெயரே சோடியம் பைகார்பனேட். நாம் ஆப்ப மாவில் போடுகிற சோடா உப்புதான். பச்சை நிறத்துக்கு ஏதோ பாசிப் பொடி.

டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம், இரண்டு வேளைக்கு 10 கிராம். அது பெரும்பாலும் சோடா உப்பு என்றால், சோடியம் மட்டும் கிட்டத்தட்ட 2.7 கிராம். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் 7 கிராம் போல. ஒரு நாள் முழுக்க, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்தே 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீனை நிறுத்தி, கருவாட்டை நிறுத்தி, அதைவிட அதிக உப்பை டம்ளரில் கரைத்துக் குடித்திருக்கிறார் அம்மா.

"சரி டாக்டர், ஆனா ரத்தம் மாறுச்சுன்னு தாள் காட்டுச்சே?" என்று கேட்டேன். அம்மாவின் பழைய பைலைப் புரட்டச் சொன்னார். முகாமுக்கு ஒரு மாதம் முன்னால், பிரஷருக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தில் அமிலத்தை அடக்குகிற பைகார்பனேட் 25 என்று இருந்தது. அன்று எடுத்ததில் 27. சரியான அளவு 22 முதல் 28 வரை. அதாவது "ரத்தம் முழுக்க அமிலம்" என்று சொன்ன காலத்திலும் சரியாகத்தான் இருந்தது, இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. மாறியது சிறுநீர் மட்டும்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ரத்தம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டுகிற பி.ஹெச். அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கும். 7க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அந்த இடைவெளி அவ்வளவு குறுகலானது என்பதால், அதைச் சாப்பாட்டின் கையில் உடம்பு விடவில்லை. மீனில் இருக்கிற புரதத்தில் கந்தகம் உண்டு, அது உடைந்தால் கொஞ்சம் அமிலம் வரும், உண்மைதான். அதை ரத்தத்தில் இருக்கிற பைகார்பனேட் அந்தக் கணமே அடக்குகிறது. அப்போது உண்டாகும் கரியமில வாயுவை நுரையீரல் மூச்சில் வெளியே தள்ளுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் திரும்ப உண்டாக்கி, மிச்ச அமிலத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. உடம்பு சும்மா உயிரோடு இருப்பதாலேயே தினம் உண்டாகிற கரியமில வாயு ஏராளம். சாப்பாட்டில் வரும் அமிலம் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது.

ஆக, சிறுநீரில் முக்கிய தாள் மஞ்சளானால் சிறுநீரகம் குப்பையை வெளியே கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். வாசலில் குப்பைக் கூடை நிறைந்திருப்பதைப் பார்த்து வீடு நாறுகிறது என்று சொல்வார்களா? சோடா உப்பை அதிகமாகக் கொடுத்தால் அந்த அதிகத்தையும் அது வெளியே தள்ளும், அப்போது தாள் நீலமாகும். நேரமும் ஒரு தந்திரம். ராத்திரி முழுக்கச் சேர்ந்த காலைச் சிறுநீர் பெரும்பாலோருக்கு அமிலமாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகு வயிறு அமிலத்தைச் சுரக்கும்போது ரத்தத்துக்குச் சற்றுக் காரம் வந்து சேரும், சிறுநீரும் அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் முதல் முறை விடியற்காலை, இரண்டாம் முறை மதியம் மூன்று மணி.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த தாளில் நானே பார்த்தேன். முந்தின ராத்திரி நண்டுக் குழம்பு, காலையில் மஞ்சள். அரை ஸ்பூன் பொடியைக் குடித்தேன், சாயந்திரம் பச்சை தாண்டி நீலத்தைத் தொட்டது. எனக்கு எந்த நோயும் வரவுமில்லை, போகவுமில்லை. (எலுமிச்சம்பழம் வேடிக்கை. நாக்கைக் கூசவைக்கிற புளிப்பு, ஆனால் அவர்கள் பட்டியலில் "கார உணவு". அதில் இருக்கும் சிட்ரேட் உடம்பில் எரிந்து பைகார்பனேட் ஆகிறது, அதனால் சிறுநீர் மாறும். ரத்தம் இதற்கும் அசையாது.)

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்தால் டாக்டர்களே சோடா மாத்திரை தருவார்கள். சில வகைச் சிறுநீரகக் கல்லுக்குச் சிறுநீரைக் காரமாக்கும் மருந்தும் உண்டு. இரண்டும் ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்து அளவு வைத்துக் கொடுப்பது. உண்மையிலேயே ரத்தம் அமிலமானவர், உதாரணமாகச் சுகர் கட்டுமீறிப் போனவர், மூச்சு வாங்க வாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற நிலையில் இருப்பார். மண்டபத்து வரிசையில் நிற்க மாட்டார்.

இதை எங்கள் ஊர்ப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதே கொள்கையைப் பிரபலமாக்கிய ராபர்ட் யங் என்பவரை, உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்துக்கு 2016இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது.

பொடியை நிறுத்தி, டாக்டர் கொடுத்த மாத்திரையும் சேர்ந்து, ஒரு வாரத்தில் கால் வீக்கம் வற்றியது. அம்மா மறுபடி சூடை வாங்க ஆரம்பித்துவிட்டார், உப்பு மட்டும் குறைத்து. பணத்தைக் கேட்டு ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். "உடம்பு அமிலத்தை வெளியே தள்றப்ப கால் வீங்கும் சார், நல்ல அறிகுறி" என்றார்கள். பிரஷர் 170 என்றதும் போன் கட்.

போன வாரம் தொண்டியில் இருக்கிற மச்சான் ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினார். அதே இலவச முகாம், அதே விடியற்காலைச் சிறுநீர். உங்கள் பக்கம் வந்தால், முதல் நாளே மதியம் மூன்று மணிக்கும் ஒரு தாள் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.