டிரான்ஸ்கிரிப்டிலிருந்து எண்களை எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

கட்டட வேலை பற்றிப் பேசிய ஒரு நீண்ட கூட்டத்தின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேச்சின் எழுத்துப் பிரதி, எங்களிடம் இருந்தது. அதில் வரும் தொகை, தேதி, எண்ணிக்கை மட்டும் அட்டவணையாக வேண்டும் என்று ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்துக் கேட்டோம். வந்த எக்செல் கோப்பில் விவரம், தொகை, தேதி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் எந்த எண்ணை யார், எந்த நிமிடத்தில், என்ன வார்த்தையில் சொன்னார் என்பது எங்குமே இல்லை. அப்படி ஓர் அட்டவணை வந்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

முன்பணம் 1,25,000 என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் பேசியதோ இப்படி: "ஒண்ணேகால் லட்சம் குடுங்க... இல்ல, ஒன்றரைன்னே வெச்சுக்கலாம்." எங்கள் தரப்பில் அதற்குத்தான் "சரி" சொன்னார்கள். அதாவது 1,50,000. இலக்கங்களையும் லட்சம், ஆயிரம் என்ற சொற்களையும் தேடி, கிடைத்த இடங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்பது மற்ற வரிகளைப் பார்த்தபோது தெரிந்தது. பேச்சில் இரண்டாம் முறை பெரும்பாலும் யாரும் லட்சம் என்று சொல்வதில்லை. "அரை" என்று தேடினாலும் "ஒன்றரை", "நாலரை" அகப்படாது. சொல் சேரும்போது "அ" மறைந்துவிடுகிறது. "ரை" என்று தேட வேண்டும். "வரை", "யாரை" எல்லாம் கூடவே வரும், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் தள்ள வேண்டும்.

தேதியில் இன்னும் மோசம். கூட்டம் நடந்தது மார்ச் 28. "வர்ற பத்தாம் தேதிக்குள்ள மீதி" என்று பேசியதை மார்ச் 10 என்று எழுதியிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்பே முடிந்துபோன கெடு!

கேட்டதற்கு "எல்லா எண்ணும் இருக்கிறது" என்றார்கள். அதே கோப்புக்கு வண்ணம் பூசி மறுபடி அனுப்பினார்கள். பணம் திரும்பி வரவில்லை.

நீங்கள் கொடுப்பதானால் ஒரே ஒரு பக்கத்தை முதலில் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் நீங்களே பேனாவால் வட்டமிட்டு எண்ணி வையுங்கள். அட்டவணை வரிகள் அதைவிடக் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நிமிடம், பேசியவர், சொன்னபடியே வாசகம், இலக்கத்தில் மதிப்பு, நிலை என்று ஐந்து பத்திகள் கேளுங்கள். மேலே சொன்ன முன்பணத்துக்கு இரண்டு வரிகள் வர வேண்டும்: 1,25,000 "மாற்றப்பட்டது", 1,50,000 "ஒப்புக்கொண்டது". "வர்ற பத்தாம் தேதி" வாசகப் பத்தியில் அப்படியே நிற்க, ஏப்ரல் 10 என்பது மதிப்புப் பத்தியில் வரட்டும். இது கணித்த தேதி என்பது படிப்பவருக்குத் தெரியும். வாசகத்தை அப்படியே நகலெடுத்து, டிரான்ஸ்கிரிப்டின் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடினால் அகப்பட வேண்டும். அகப்படாத வரி யாரோ சொந்தமாக எழுதியது.

நிமிடப் பத்தியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் டிரான்ஸ்கிரிப்டே மாற்றி எழுதியிருந்தால் அட்டவணையும் டிரான்ஸ்கிரிப்டும் ஒத்துப்போகும், ஆனால் இரண்டுமே தப்பு. அதை ஒலிப்பதிவில் அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டால்தான் பிடிக்க முடியும்.