மூன்று பணிகள், ஒரு 35 மில்லிவினாடி: ரேட் மோனோடானிக்கையும் ஈடிஎஃப்பையும் ஏழு ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய பலகைக்கான மென்பொருளை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதில் ஒற்றை மையம் கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றும், ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளமும், காலமுறைப்படி ஓடும் மூன்று பணிகளும் உள்ளன. முதல் நான்கு ஆண்டுகள் ரேட் மோனோடானிக் முறையிலும், அதன்பின் எர்லியஸ்ட் டெட்லைன் ஃபர்ஸ்ட் எனப்படும் ஈடிஎஃப் முறையிலும் அவற்றை ஓட்டினேன். இரண்டில் எது சிறந்தது என்ற பொதுவான விவாதத்திற்குள் நான் போகவில்லை. இந்த மூன்று பணிகளிடம் இரண்டு முறைகளும் எப்படி நடந்துகொண்டன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வேகப் பணி 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழும். அதன் உச்ச இயக்க நேரம் 4 மில்லிவினாடி. உணரிகளைப் படித்து வடிகட்டும் பணி 15 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழும்; அதற்கும் 4 மில்லிவினாடி வேண்டும். மேல்நிலைக் கணினிக்குத் தகவல் பொட்டலம் அனுப்பும் செய்திப் பணி 35 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழும். தொடக்கத்தில் அதற்கு 7 மில்லிவினாடி போதுமாக இருந்தது. ஒவ்வொரு பணியும் தன் அடுத்த முறை வருவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பதே காலக்கெடு.

ரேட் மோனோடானிக்கில் எந்தப் பணி அடிக்கடி எழுகிறதோ அதற்கு உயர்ந்த முன்னுரிமை. அந்த வரிசை ஒருபோதும் மாறாது. பணிகளை உருவாக்கும்போது மூன்று எண்களைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்பதே இதன் பெரிய கவர்ச்சி. (ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பெரிய எண்ணே உயர்ந்த முன்னுரிமை. வேறு இயங்குதளத்திலிருந்து வருபவர்கள் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்.)

பயன்பாட்டு விகிதம் என்பது ஒவ்வொரு பணியின் இயக்க நேரத்தையும் அதன் காலமுறையால் வகுத்துக் கூட்டிய தொகை. எங்கள் பலகையில் அது 0.40 + 0.267 + 0.20, அதாவது 0.867. லியுவும் லேலண்டும் 1973-இல் தந்த வரம்பு n பணிகளுக்கு n(2^(1/n) − 1) ஆகும். மூன்று பணிகளுக்கு அது 0.780. எங்கள் தொகை அதைத் தாண்டியதால், அப்போதைய மேலாளர் இன்னும் வேகமான சில்லு வாங்க வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த வரம்பு போதுமான நிபந்தனையே தவிர அவசியமான நிபந்தனை அல்ல என்பதுதான். தொகை 0.780-க்குள் இருந்தால் காலக்கெடுகள் காக்கப்படும் என்பது உறுதி. தாண்டினால் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்று மட்டுமே பொருள். விடை வேண்டுமென்றால், பணி எழுந்ததிலிருந்து முடியும்வரை ஆகும் மறுமொழி நேரத்தைக் கணக்கிட வேண்டும். கீழே R என்பது செய்திப் பணியின் மறுமொழி நேரம், C3 அதன் இயக்க நேரம்; ceil பின்னத்தை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தும்.

```
R = C3 + ceil(R/10)*4 + ceil(R/15)*4
```

எல்லாப் பணிகளும் ஒரே நொடிப்பொழுதில் எழுவதுதான் கீழ்ப்பணிக்கு மிக மோசமான தருணம். அந்தத் தருணத்திலிருந்து தொடங்கி, வலப்பக்கத்தில் கிடைக்கும் விடையை மீண்டும் R-ஆக இட்டு, எண் மாறாமல் நிற்கும்வரை கணக்கிட வேண்டும். C3 = 7 என்று வைத்தால் 15, 19, 23, 27 என ஏறி 27-இல் நிற்கும். காலக்கெடு 35 என்பதால் 8 மில்லிவினாடி மிச்சம் இருந்தது. பலகையும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

அடுத்த ஆண்டுகளில் செய்திப் பணி மெல்ல வளர்ந்தது. பொட்டலத்தில் புதிய புலங்கள் சேர்ந்தன. பிழைகாண் குறியீடு நீண்டது. இயக்க நேரம் 10 மில்லிவினாடியை எட்டியது. மீண்டும் கணக்கிட்டதில் R 30-இல் நின்றது. விகிதம் 0.952 ஆகியிருந்தாலும் இன்னும் 5 மில்லிவினாடி கையில் இருக்கிறது என்று வடிவமைப்பு ஆவணத்தில் நானே எழுதிவைத்தேன். இந்த ஏழு ஆண்டுகளில் நான் எழுதிய மிகத் தவறான வரி அதுதான்.

செய்திப் பணிக்கு எங்கே இடம் கிடைக்கிறது என்று பார்த்தால் தவறு புரியும். மேலுள்ள இரு பணிகளும் ஓடியபின் முதல் 30 மில்லிவினாடியில் மிஞ்சும் வெற்றிடங்கள் 8 முதல் 10 வரை, 14 முதல் 15 வரை, 19 முதல் 20 வரை, 24 முதல் 30 வரை. கூட்டினால் சரியாக 10 மில்லிவினாடி. 30-ஆம் மில்லிவினாடியில் வேகப் பணியும் உணரிப் பணியும் ஒருசேர எழுந்து 38 வரை மையத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே செய்திப் பணிக்கு 10.1 மில்லிவினாடி தேவைப்பட்டால், அந்த 0.1 மில்லிவினாடிக்காக அது 38 வரை காத்திருந்து 38.1-இல் முடியும். இயக்க நேரம் ஒரு சதவீதம் கூடியதற்கு மறுமொழி நேரம் 8.1 மில்லிவினாடி கூடுகிறது. ஆவணத்தில் நான் எழுதிய 5 மில்லிவினாடி மிச்சம் உண்மையில் பூஜ்யம். மறுமொழி நேரத்துக்கும் காலக்கெடுவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதுகாப்பு இடைவெளி என்று எண்ணக் கூடாது. இயக்க நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த எண்ணில் கெடு தவறுகிறது என்று பார்ப்பதே சரியான வழி.

இந்தப் பிழையைச் சோதனையில் பிடிப்பதும் எளிதாக இருக்கவில்லை. மூன்று காலமுறைகளும் ஒன்றுகூடுவது 210 மில்லிவினாடிக்கு ஒருமுறை. அதற்குள் செய்திப் பணி ஆறு முறை ஓடுகிறது; அந்த ஆறிலும் 10.1 மில்லிவினாடி எடுத்துக்கொண்டாலும் முதல் முறை மட்டுமே கெடு தவறும், மற்ற ஐந்தும் தப்பிவிடும். எங்கள் பணியோ பதிவு இடையகம் நிரம்பிய வேளையில் மட்டும்தான் அவ்வளவு நேரம் எடுத்தது. இரண்டும் பொருந்தி வந்தபோது மட்டும் ஒரு பொட்டலம் தாமதமானது. நாளுக்கு ஓரிரு முறை. பல வாரங்கள் கம்பியையும் இணைப்பானையும் சந்தேகித்தோம். பணி முடியும் இடத்தில் சில்லின் ஒரு கால் முனையின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி, லாஜிக் அனலைசரில் அந்தத் தாமதம் எப்போதும் ஏறத்தாழ 38 மில்லிவினாடியாகவே இருப்பதைப் பார்த்த பிறகுதான் மேலே சொன்ன கணக்குக்குத் திரும்பினேன்.

ஈடிஎஃப்புக்கு மாறியது அப்போதுதான். அந்த முறையில் நிலையான முன்னுரிமை கிடையாது. எந்தப் பணியின் காலக்கெடு அருகில் உள்ளதோ அதுவே ஓடும். ஒற்றை மையத்தில், காலக்கெடு காலமுறைக்குச் சமமாக இருக்கும்போது, விகிதத்தின் தொகை 1-ஐத் தாண்டாதிருப்பதே அவசியமும் போதுமானதுமான நிபந்தனை. 10.1 மில்லிவினாடிக்கு எங்கள் தொகை 0.955. நடைமுறையில் அது எப்படித் தீர்கிறது என்பதை அதே 30-ஆம் மில்லிவினாடியில் காணலாம். அப்போது வேகப் பணியின் கெடு 40, உணரிப் பணியின் கெடு 45, செய்திப் பணியின் கெடு 35. எனவே செய்திப் பணி மீதமுள்ள 0.1 மில்லிவினாடியை ஓடி முடித்துவிட, வேகப் பணி 30-க்குப் பதில் 30.1-இல் தொடங்குகிறது. ஒரு பணி 0.1 மில்லிவினாடி பொறுத்ததால் இன்னொன்று 8 மில்லிவினாடி தாமதத்திலிருந்து தப்பியது. ஈடிஎஃப்பின் நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஈடிஎஃப் தயாராகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பணி எழும்போதும் கெடுகளை ஒப்பிட்டு vTaskPrioritySet வழியாக முன்னுரிமைகளை மாற்றும் சிறிய அடுக்கு ஒன்றை எழுதினேன். அதில் முதல் பதிப்பிலேயே ஒரு பிழை. கெடுகளை மைக்ரோவினாடியில், 32 பிட் எண்ணாக வைத்திருந்தேன். அந்த எண் 71 நிமிடம் 35 வினாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த விளிம்பில் தொலைவிலுள்ள கெடு முதலில் சுற்றிவந்து சிறிய எண்ணாகி, மிக அருகிலுள்ள கெடு போலத் தோற்றமளிக்கும். மோட்டாரில் 71 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சிறு நடுக்கம்தான் அடையாளம். நேரடி ஒப்பீட்டைக் கழித்தல் ஒப்பீடாக மாற்றியதும் அது நின்றது.

```c
/* a-வின் கெடு முந்தையதா? */
return (int32_t)(a->deadline - b->deadline) < 0;
```

இதைவிடப் பெரிய குறை, பணி தன் உச்ச நேரத்தை மீறும்போது வெளிப்பட்டது. ஒருநாள் ஃபிளாஷ் நினைவகத்தை அழிக்கும் செயல் இழுத்துக்கொண்டே போக, செய்திப் பணி ஒரே முறையில் 25 மில்லிவினாடி ஓடியது. ரேட் மோனோடானிக்கில் இது நடந்திருந்தால் தாமதம் செய்திப் பணியோடு நின்றிருக்கும். ஈடிஎஃப்பில் அதன் கெடு 35 என்பதால், கெடு தாண்டிய பிறகும் அதுவே மிக முந்தைய கெடு உடையதாக இருந்து 45-ஆம் மில்லிவினாடிவரை மையத்தை விடவில்லை. 40-க்குள் முடிந்திருக்க வேண்டிய வேகப் பணி தொடங்கியதே 45-இல்தான். அதன் பின்னால் உணரிப் பணியும், அடுத்த சுற்று வேகப் பணியும் வரிசையாகக் கெடு தவறின. தவறு செய்தது முக்கியத்துவம் குறைந்த பணி. தண்டனை பெற்றது மோட்டார்.

மருந்து, ஒவ்வொரு பணிக்கும் நேர ஒதுக்கீடு வைப்பது. செய்திப் பணிக்கு ஒரு முறைக்கு 10.5 மில்லிவினாடி ஒதுக்கினேன், தொகை 0.967. ஒதுக்கீடு தீர்ந்ததும் அதன் கெடு 35 மில்லிவினாடி தள்ளிப்போய் 70 ஆகும். அப்போது மேலே சொன்ன நிகழ்வில் வேகப் பணி 30.5-இலேயே தொடங்கிவிடும். இந்தக் காவல் இல்லாமல் ஈடிஎஃப்பைப் பயன்படுத்த எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸ் கர்னலில் 3.14 பதிப்பிலிருந்து உள்ள SCHED_DEADLINE இந்த ஒதுக்கீட்டைத் தானே செய்கிறது. ஒதுக்கீட்டைத் தீர்த்த பணியை அடுத்த காலமுறைவரை நிறுத்திவைக்கிறது. ஒற்றை மையப் பலகை ஒன்றில் இதே எண்களைக் கொடுத்துப் பார்த்தபோது மூன்றாவது பணியை அது EBUSY என்று திருப்பி அனுப்பியது. sched_rt_runtime_us இயல்பாக 950000 என்றிருப்பதால் 0.95-க்கு மேல் அனுமதி இல்லை என்பதே காரணம்; பாடநூல் சொல்லும் 1 அங்கே கிடைக்காது.

இப்போது இரண்டு பலகைகள் உற்பத்தியில் உள்ளன. வாடிக்கையாளர் 35 மில்லிவினாடியை ஒப்பந்தத்திலேயே எழுதியுள்ள புதிய பலகை ஒதுக்கீட்டுடன் கூடிய ஈடிஎஃப்பில் ஓடுகிறது. பழைய பலகைக்கு அந்த 35 எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில், யாரோ ஒருவர் எப்போதோ தேர்ந்த எண் என்று தெரிந்தது. மேல்நிலைக் கணினிக்கு 40 மில்லிவினாடியே போதும். காலமுறையை 40 ஆக்கியதும் 38.1 கெடுவுக்குள் அடங்கியது. அந்தப் பலகையை ரேட் மோனோடானிக்குக்கே திருப்பிவிட்டேன். 38 முதல் 40 வரையுள்ள வெற்றிடத்தையும் சேர்த்தால் செய்திப் பணி 12 மில்லிவினாடிவரை வளரலாம். அளந்த உச்ச நேரம் 11.5-ஐத் தாண்டினால் வெளியீட்டுச் சோதனை தோல்வியாகும்படி அமைத்திருக்கிறேன். சென்ற மாத அளவீடு 10.4.