செயின் காடிதானே மாமா, மாற்ற வேண்டியதில்லையே?

போன வாரம்தான் என் காருக்கு இரண்டாவது முறையாக டைமிங் பெல்ட் மாற்றினேன். பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகளைத் திறந்து மூட வைப்பது அதுதான். 2015 மாடல், 1.6 டர்போ. 2020-இல் 92,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,78,000. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே அக்கா மகன் கூப்பிட்டான். செகண்ட்ஹேண்ட் டர்போ கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம், அதில் பெல்ட்டின் வேலையை இரும்புச் செயின் செய்கிறது. "செயின் காடிதானே மாமா, உங்களுடையது மாதிரி பெல்ட் மாற்றும் செலவு இல்லையே?" என்றான்.

ஐந்து வருடமாக இந்த ஒரு வாக்கியம்தான் என்னை எரிச்சல்படுத்துகிறது. டவுனில் கார் பற்றிப் பேசும் எல்லாரும் சொல்வது இதுதான்: பெல்ட் அறுந்தால் எஞ்சின் காலி, செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை. முதல் பாதி உண்மைதான். என்னுடையதைப் போன்ற எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால், மேலே எழும்பும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. இரண்டாவது பாதியை நம்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

வாங்கின முதல் வாரமே பெல்ட்டை மாற்றச் சொன்னேன். பழைய சொந்தக்காரர் மாற்றியதற்கு ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், தண்ணீர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி ஆனது. கழற்றிய பெல்ட்டை போர்மேன் என் கையில் கொடுத்தார். தூரத்தில் பார்த்தால் நல்ல பெல்ட்தான், வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தது. நகத்தால் அழுத்தினேன், பல்லின் ரப்பர் பதிந்து உள்ளே போனது. விரலில் எண்ணெய் ஒட்டியது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் சீல் கசிந்து, எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பெல்ட்டில் இறங்கியிருக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி இளகிவிடும், பல் பிய்ந்துகொண்டு வரும். மைலேஜ் எவ்வளவு பாக்கி இருந்தாலும் அந்தப் பெல்ட்டை நம்பக் கூடாது.

டர்போ இங்கேதான் சம்பந்தப்படுகிறது. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். வெளியேறும் சூட்டுப் புகைதான் அதைச் சுற்றவைக்கிறது. அந்தச் சூடு பானெட்டுக்குள் தங்கி, சீல்களையும் ராக்கர் கவர் கேஸ்கெட்டையும் சீக்கிரமே இறுக வைத்துவிடும். இறுகிய ரப்பர் எண்ணெயைத் தடுக்காது. என் காரில் ராக்கர் கவர் கேஸ்கெட்டை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். இந்தக் காரில் எனக்குள்ள தீராத கோபம் இதுதான். ஆனாலும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெல்ட்டின் மேல்மூடி வெறும் பிளாஸ்டிக். நாலைந்து போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்தால் பத்து நிமிடத்தில் உள்ளே கசிவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நானே பார்க்கிறேன்.

செயினை அப்படிப் பார்க்க முடியாது, அது எஞ்சினுக்குள்ளே எண்ணெயில் ஓடுகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். பெல்ட்டுக்கு எண்ணெய் பட்டால் ஆபத்து, செயினுக்கு நல்ல எண்ணெய் போய்ச் சேராவிட்டால் ஆபத்து. டர்போவோ அந்த எண்ணெயைக் கெடுக்கும் இயந்திரம். வண்டி நின்றதும் டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சினில் கரியும் கொஞ்சம் பெட்ரோலும் எண்ணெயில் கலக்கும். அந்தக் கரி ஒவ்வொரு கண்ணியின் ஊசியையும் தேய்க்கும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது இதைத்தான், இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒரு கண்ணியில் மயிரிழை தேய்மானம், நூறு கண்ணி சேர்ந்தால் சில மில்லிமீட்டர்.

சரி, அவன் பார்த்த காருக்கு வருகிறேன். 2017 மாடல், செயின், டர்போ, 1,10,000 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குப் போனோம். பானெட்டில் கை வைத்தேன், கொதித்தது. விற்பவர் முன்பே ஓடவிட்டிருக்கிறார். பேசாமல் திரும்பி வந்து, மறுநாள் ஏழு மணிக்கு போர்மேனையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று எஞ்சின் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் மைலோ டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம், மூன்று வினாடி. பிறகு சுத்தமாக அடங்கிவிட்டது. "டர்போ சத்தம் அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றார் விற்பவர். அது டர்போ சத்தமில்லை. இரவில் எண்ணெய் கீழே வடிந்துவிடும். அழுத்தம் ஏறி டென்ஷனர் பிடிக்கும் வரை, தளர்ந்த செயின் கவரிலும் கைடிலும் அடிக்கிறது.

மட்டமான எண்ணெய் ஃபில்டர் போட்டிருந்தாலும் காலையில் இப்படிச் சத்தம் வரலாம், அதனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம் என்றார் போர்மேன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்பக்கம் தார் மாதிரி படிந்திருந்தது. அப்புறம் ஸ்கேனரைச் செருகினார், P0016 என்று வந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கும் வால்வைத் திறக்கும் கேமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. சத்தம், தார், இந்த எண், மூன்றும் சேர்ந்தால் செயின் தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். செயின், கைடு, டென்ஷனர், பல்சக்கரங்கள், முன்கவரைக் கழற்றும் கூலி எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளிக்குக் குறையாது என்றார். அதே கரி எண்ணெயைக் குடித்த டர்போ எப்போது நீலப்புகை விடும் என்பது தனிக் கணக்கு.

புஸ்பாகோம் சோதனையில் தேறிவிட்டதே என்றான் பையன். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனையில் யாரும் எஞ்சினைத் திறந்து செயினைப் பார்ப்பதில்லை.

செயினை மட்டும் குறை சொல்வதும் தப்பு. என் நண்பரின் 1.3 டர்போ இல்லாத செயின் கார் 2,40,000 தாண்டிவிட்டது, காலையில் ஒரு சத்தம் கிடையாது. அவர் தவணை தவறாமல் எண்ணெய் மாற்றுகிறார், அதில் எண்ணெயைக் கெடுக்க டர்போவும் இல்லை. அந்த மாதிரிக் காருக்குச் செயின்தான் சரி. பழைய சொந்தக்காரர் எப்படி எண்ணெய் மாற்றினார் என்று தெரியாத டர்போ என்றால், நான் பெல்ட்டைத்தான் எடுப்பேன். 780 வெள்ளியில் அவருடைய அலட்சியத்தில் பாதியைக் கழற்றிப் போட்டுவிடலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் காரை வாங்கிக்கொள்கிறாயா என்று அவனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மேடு ஏறும்போது அது இழுக்கும் இழுப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் போன வாரம் கழற்றிய பெல்ட்டின் ஓரத்திலும் லேசாக எண்ணெய் ஈரம் இருந்தது. முதல் கார் வாங்கும் பையன் மாதச் சம்பளத்தில் இதைச் சுமக்க வேண்டாம். டர்போ இல்லாததாகப் பார் என்று சொல்லிவிட்டேன், முகம் வாடிவிட்டது.

விற்பவர் 2,000 வெள்ளி குறைக்கிறேன் என்று மறுபடியும் கூப்பிட்டாராம், வேண்டாம் என்றேன். வரும் சனிக்கிழமை கோலகங்சாரில் ஒரு 1.5 பார்க்கப் போகிறோம். நாங்கள் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.